பேசியவருக்குத் தெரிவதும் கேட்டவருக்குத் தெரிவதும்

ஏழாம் வகுப்பில் ஒரு பேச்சுப் பணி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் பேசிய பிள்ளை கையில் ஒரு படிவம், கேட்ட பிள்ளைகள் கையில் ஒரு படிவம். இரண்டிலும் அதே ஐந்து வரிகள்: குரல் வளம், உச்சரிப்பு, உடல்மொழி, கருத்துத் தெளிவு, தன்னம்பிக்கை. ஒவ்வொன்றுக்கும் நேரே நான்கு கட்டங்கள்: மிக நன்று, நன்று, பரவாயில்லை, முயற்சி தேவை. ஒரு படிவத்தில் ‘நான்’ என்றும் மற்றதில் ‘என் நண்பர்’ என்றும் தொடங்கும். வேறு வித்தியாசம் கிடையாது.

இப்படிப்பட்ட படிவங்களை வாங்கி அடுக்கிப் பார்த்தால் எல்லாவற்றிலும் முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் டிக் விழுந்திருக்கும். முந்தின நாள் சண்டை போட்ட ஒருவனுக்கு மட்டும் கடைசிக் கட்டம். சுயமதிப்பீட்டில் தைரியமான பிள்ளைகள் தங்களுக்கே ‘மிக நன்று’ போட்டிருப்பார்கள். கூச்சப்படும் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் ‘பரவாயில்லை’யோடு நிறுத்தியிருப்பார்கள். ஆசிரியர் அவற்றை ஃபைலில் கோத்து வைத்துவிடுவார். பேசிய பிள்ளைக்கு அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது அப்போதும் தெரிந்திருக்காது.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது, ஒரு பருவத்தின் நூறு மதிப்பெண்ணில் 60 தொகுத்தறித் தேர்வுக்கும் 40 வளரறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. அந்த நாற்பதில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. ஆசிரியர்கள் ‘எஃப்.ஏ. (அ)’ என்று சொல்லும் அந்தச் செயல்பாடுகளில்தான் இந்தப் பேச்சுப் பணி வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், மாணவரின் முன்னேற்ற அட்டையில் ஆசிரியர் மதிப்பீட்டோடு சுயமதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. ஆகவே படிவங்கள் இருக்கத்தான் போகின்றன. அவற்றில் என்ன கேட்பது என்பதே பேச வேண்டிய விஷயம்.

ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்கலாமா?

ரசம் வைத்தவருக்கு எவ்வளவு புளி கரைத்தோம், எதைப் போட மறந்தோம் என்பது தெரியும். குடித்தவருக்கு நாக்கில் என்ன நின்றது என்பது தெரியும். வைத்தவரிடம் ‘ருசி எப்படி’ என்றும் குடித்தவரிடம் ‘எவ்வளவு புளி போட்டார்கள்’ என்றும் கேட்டால் இருவருமே ஊகித்துத்தான் சொல்வார்கள்.

பேச்சிலும் அப்படித்தான். பேசிய பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த சில உண்டு: வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பார்த்ததா இல்லையா, எந்த இடத்தில் மறந்தது, எதைச் சொல்ல நினைத்து விட்டுப்போனது, எது கேட்பவர் மனத்தில் நிற்க வேண்டும் என்று எண்ணியது. கேட்ட பிள்ளைக்கு மட்டுமே தெரிந்தவையும் உண்டு: குரல் தன் பெஞ்சு வரை வந்ததா, எங்கே கவனம் விலகியது, என்ன நினைவில் நின்றது. தன் குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்டதா என்பது பேசியவருக்கு எப்படித் தெரியும்? பேசியவருக்குத் தன்னம்பிக்கை இருந்ததா என்பது கேட்டவருக்கு எப்படித் தெரியும்? வழக்கமான படிவம் இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்கிறது. பதில் தெரியாத கேள்விக்குப் பிள்ளைகள் முகத்தாட்சண்யத்தில் டிக் போடுகிறார்கள்.

அதனால் இரண்டு படிவமும் வெவ்வேறாக இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வரிகள் மட்டும் ஒன்றுக்கொன்று எதிரொலியாக அமைந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பதினொன்று முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பொருந்தும் ஒரு மாதிரி இது.

பேசியவர் படிவம்

*பேசுவதற்கு முதல் நாள்*
1. கேட்பவர்கள் மனத்தில் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கும் இரண்டு செய்திகள்:
2. வாய்விட்டுப் பேசிப் பார்த்தது: இல்லை / ஒருமுறை / அதற்கு மேல். யார் கேட்டார்கள்?

*பேசி முடித்ததும்*
3. நான் தடுமாறிய இடம். அப்போது என்ன செய்தேன்:
4. சொல்ல நினைத்து விட்டுப்போனது:
5. கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்: முழுதும் / பாதி / இல்லை

*கேட்டவர் படிவங்களைப் படித்த பின்*
6. அடுத்த பேச்சில் நான் மாற்றப்போகும் ஒன்று:

கேட்டவர் படிவம்

1. இந்தப் பேச்சிலிருந்து என் நினைவில் நிற்கும் இரண்டு செய்திகள்:
2. எனக்குப் புரியாத இடம், அல்லது கவனம் விலகிய இடம்:
3. நான் உட்கார்ந்திருந்தது எத்தனையாவது பெஞ்சு? குரல்: முழுதும் கேட்டது / சில வாக்கியங்களின் முடிவு கேட்கவில்லை / பாதிக்கு மேல் கேட்கவில்லை
4. பேசியவர் அதிகம் பார்த்தது: எங்களை / தாளை / கூரையை
5. பேசியவரிடம் நான் கேட்க விரும்பும் ஒரு கேள்வி:

‘நன்று’ என்ற சொல் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். ஒவ்வொரு வரியும் நடந்ததைச் சொல்லச் சொல்கிறது, தீர்ப்புக் கேட்கவில்லை. நான்காம் வரியில் கூரை ஏன் வந்தது என்று ஆசிரியர்களைக் கேட்கவே வேண்டாம். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்துவரும் பிள்ளையின் கண் மேலே போகும். ஒரு சொல் மறந்தால் நடுவிலிருந்து தொடர முடியாமல் பத்தியின் முதல் வாக்கியத்துக்கே திரும்பும். ‘தாளை’ என்பதற்கும் ‘கூரையை’ என்பதற்கும் மருந்து வேறு. முதலாமவர் தாளைக் குறிப்புகளாகச் சுருக்க வேண்டும். இரண்டாமவர் மனப்பாடத்தை விட்டுவிட்டுத் தன் சொற்களில் சொல்லிப் பழக வேண்டும். ‘உடல்மொழி: முயற்சி தேவை’ என்ற டிக்கில் இந்த வேறுபாடு தெரியாது.

மூன்றாம் வரியில் ‘வாக்கியங்களின் முடிவு’ என்று குறிப்பாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் வினை பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. மூச்சு தீர்ந்து குரல் இறங்குவதும் அங்கேதான். ‘எங்கள் தெருவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர்...’ வரை கேட்டுவிட்டு, வருகிறதா வரவில்லையா என்பது ஃபேன் சத்தத்தில் போய்விட்டால், கேட்டவருக்கு வாக்கியமே போய்விட்டது. பேசிய பிள்ளைக்கோ தான் சத்தமாகத்தான் பேசினோம் என்ற நினைப்பு இருக்கும். வாக்கியத்தின் முதல் பாதியில் அது உண்மையும்கூட.

படிவத்துக்கு முன் ஒரு மோசமான பேச்சு

படிவத்தை நேராகக் கையில் கொடுத்தால் பிள்ளைகளுக்கு எழுத வராது. ‘நன்றாக இருந்தது’ என்றுதான் எழுதுவார்கள். நல்ல பேச்சு எப்படி இருக்கும் என்ற தோற்றம் மனத்தில் இல்லாதவர் தன் பேச்சையோ பிறர் பேச்சையோ எதோடு ஒப்பிடுவார்? ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையில் இதை மூன்று நிபந்தனைகளாகச் சொன்னார். எட்ட வேண்டிய தரம் எது என்று மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தன் வேலையை அதனோடு ஒப்பிடத் தெரிய வேண்டும். இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க ஏதாவது செய்யத் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மதிப்பீடு காகிதத்தோடு நின்றுவிடும்.

முதல் நிபந்தனைக்கு ஒரு பாடவேளை போதும். ஆசிரியரே மூன்று நிமிடம் பேசிக் காட்டலாம், வேண்டுமென்றே மோசமாக. “அனைவருக்கும் என் இனிய காலை வணக்கம். மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, என் அருமை நண்பர்களே...” என்று அரை நிமிடம். பிறகு தாளைப் பார்த்தபடி வேகமான வாசிப்பு. நடுவில் ஒரு நல்ல செய்தியை மெல்லிய குரலில் தவறவிடுதல். “இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன், நன்றி, வணக்கம்” என்று சட்டென முடித்தல். பிள்ளைகள் ஆசிரியரின் பேச்சுக்குக் கேட்டவர் படிவத்தை எழுதுகிறார்கள். பிறகு நான்கைந்து படிவங்களை உரக்கப் படிக்கச் சொல்ல வேண்டும்.

‘போர் அடித்தது’ என்று ஒருவர் எழுதியிருப்பார். “எந்த இடத்தில்?” என்று ஆசிரியர் கேட்பார். “வணக்கம் சொல்லிக்கிட்டே இருந்தீங்க மிஸ், எதைப் பத்திப் பேசப்போறீங்கன்னே தெரியல.” இந்த இரண்டாவது வாக்கியம்தான் படிவத்தில் வர வேண்டியது. அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, ‘போர் அடித்தது’ என்பதை அடித்துவிடலாம். ஆசிரியரின் பேச்சைக் குறை சொல்ல அனுமதி கிடைத்தால் அந்தப் பாடவேளையில் வகுப்புக்கு உற்சாகம் தாங்காது. யாரும் புண்படாமல் குறை சொல்லிப் பழக வேறு நல்ல வழி இல்லை. அதே பேச்சை ஆசிரியர் சரிசெய்து மீண்டும் ஒரு நிமிடம் பேசிக் காட்டினால், எட்ட வேண்டிய தரத்தின் தோற்றமும் கிடைத்துவிடும்.

தண்ணீர்த் தொட்டிப் பேச்சு

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். வகுப்பு ஏழு, தலைப்பு ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரும் வழி’. ஒரு சிறுமி தன் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியைப் பற்றிப் பேசுகிறாள். முதல் நாளே அவள் தன் படிவத்தில் எழுதிய இரண்டு செய்திகள்: ‘தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலந்த பிறகுதான் தண்ணீர் திறந்து விடுகிறார்கள்’, ‘கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மறுநாள் தண்ணீர் வராது’. வாய்விட்டுப் பேசிப் பார்த்தது ஒருமுறை, கேட்டது பாட்டி.

பேச்சில் அவள் சொன்னது இந்த வரிசையில் போனது. வணக்கங்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் நீரை ஏற்றுகிறது. தொட்டியின் கொள்ளளவு 30,000 லிட்டர். எத்தனை தெரு, எத்தனை குழாய். நடுவே ஒரே வாக்கியத்தில் பிளீச்சிங் பவுடர். பிறகு தண்ணீர் திறந்துவிடும் பெரியவர் தோளில் சுமந்து வரும் நீளமான இரும்புச் சாவி, அதைக் குழிக்குள் விட்டு அவர் திருப்பும் விதம். இந்த இடத்தில் சிறுமி கையால் திருப்பியும் காட்டினாள். கடைசியில் மின்தடை பற்றி அவசரமாக ஒரு வரி, நன்றி, வணக்கம்.

மூன்று பேருக்குக் கேட்டவர் படிவம் கொடுக்கப்பட்டிருந்தது. மூவரின் முதல் வரியிலும் அந்தச் சாவி இருந்தது. இருவர் 30,000 லிட்டரையும் எழுதியிருந்தார்கள். பிளீச்சிங் பவுடரை ஒருவரும் எழுதவில்லை. மின்தடையை முதல் பெஞ்சுக்காரர் மட்டும் எழுதியிருந்தார். ஐந்தாம் பெஞ்சுக்காரர் மூன்றாம் வரியில் ‘சில வாக்கியங்களின் முடிவு கேட்கவில்லை’ என்பதற்கு டிக் போட்டிருந்தார். அவருடைய ஐந்தாம் வரிக் கேள்வி: ‘அந்தத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாமா?’ சிறுமியின் படிவத்தில் ஐந்தாம் வரி ‘முழுதும் கேட்டிருக்கும்’ என்றிருந்தது. தடுமாறிய இடம் என்று அவள் எழுதியது: ‘குழாய் எண்ணிக்கை மறந்துபோச்சு, மறுபடி முதல்லேருந்து சொன்னேன்.’ கேட்டவர் மூவரில் ஒருவருமே அந்தத் தடுமாற்றத்தைக் குறிப்பிடவில்லை.

இரண்டு வகைப் படிவங்களையும் பக்கத்தில் வைத்தால் நான்கு செய்திகள் கிடைக்கின்றன. அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்த தடுமாற்றம் கேட்டவர்களுக்குப் பொருட்டே இல்லை. பிள்ளைகளுக்குப் பேசப் பயம் வருவதே இதனால்தான்; அந்தப் பயத்துக்கு மறுப்பாக இனி அவள் கையில் மூன்று தாள் இருக்கிறது. அடுத்தது குரல்: முன்பெஞ்சுக்குக் கிடைத்த மின்தடைச் செய்தி பின்பெஞ்சுக்குப் போகவில்லை. மூன்றாவது, அவள் முக்கியம் என்று நினைத்த செய்தி எண்ணிக்கைகளுக்கு நடுவே ஒரு வாக்கியமாகச் சிக்கிக்கொண்டது. நான்காவது, கையால் காட்டிய சாவி எல்லோர் மனத்திலும் நின்றுவிட்டது.

ஆறாம் வரியில் ஒன்றே ஒன்றைத்தான் எழுதச் சொல்கிறோம். முதலில் அவள் ‘நன்றாகத் தயாரித்து வருவேன்’ என்று எழுதினாள். அது எந்தப் பேச்சுக்கும் எழுதக்கூடிய வரி. “எதை மாத்துவ? எனக்குப் பார்த்தாத் தெரியணும்” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் முறை எழுதியது: ‘சாவியைத் திருப்புவதற்கு முன்னால் அந்தத் தாத்தா என்னென்ன செய்கிறார் என்று ஆரம்பிப்பேன்.’ அடுத்த வாரப் பேச்சில் வணக்கம் ஒரே சொல்லாகச் சுருங்கியது. சாவியில் தொடங்கி, திருப்பும் முன் பவுடர் கலப்பது, மோட்டார் ஓடியதா என்று பார்ப்பது என்று பேச்சு அந்தப் பெரியவரின் வேலை வரிசையிலேயே நகர்ந்தது. குழாய் எண்ணிக்கை காணாமலே போனது. இம்முறை மூவரில் இருவர் பிளீச்சிங் பவுடரை எழுதினார்கள். குரல் மட்டும் அப்படியேதான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒன்று. குரலை அடுத்த பேச்சில் பார்த்துக்கொள்ளலாம்.

நேரமும் காகிதமும்

‘இதற்கெல்லாம் நேரம் ஏது?’ என்று எந்த ஆசிரியரும் கேட்பார். 36 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு மூன்று நிமிடப் பேச்சு, இரண்டு நிமிட எழுத்து என்றால் 180 நிமிடம், அதாவது நாற்பது நிமிடப் பாடவேளைகள் ஐந்து. ஒரே வாரத்தில் முடிக்க நினைத்தால் பின்னால் பேசுபவர்களை யாரும் கேட்க மாட்டார்கள். நாளுக்கு மூன்று பேர் என்று பாடவேளையின் முதல் கால் மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு பள்ளி நாட்களில் ஒரு சுற்று முடியும்.

ஒவ்வொரு பேச்சையும் வகுப்பு முழுதும் கேட்கும். படிவம் எழுதுவது மூவர் மட்டும். முன்பெஞ்சில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர். ஆக ஒரு சுற்றில் ஒவ்வொரு பிள்ளையும் மூன்று படிவம் எழுதும், மூன்று படிவம் பெறும். எல்லோரும் எல்லோருக்கும் எழுதினால் ஒருவருக்கு முப்பத்தைந்து தாள் சேரும். அவற்றை யாரும் படிக்கப்போவதில்லை. அச்சடித்த படிவமும் அவசியமில்லை. ஐந்து வரிகளையும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, அரைத் தாளில் எண் போட்டு விடை மட்டும் எழுதச் சொல்லலாம்.

பேச்சு நடக்கும்போது பேனாவை எடுக்கக் கூடாது என்பது ஒரு சிறிய விதி. எழுதிக்கொண்டே கேட்பவர் பேசுபவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. தலைகவிழ்ந்த மூவரைப் பார்த்துப் பேசுபவருக்கும் குரல் இறங்கிவிடும். தவிர, முதல் வரி நினைவில் நிற்பதைக் கேட்கிறது. குறிப்பெடுத்துவிட்டால் அது நினைவாக இருக்காது.

நேரத்தை மிச்சப்படுத்த ஆறு ஆறு பேராகப் பிரித்து ஒரே நேரத்தில் பேசவைப்பதும் உண்டு. முப்பது நிமிடத்தில் வேலை முடியும். கூச்சப்படும் பிள்ளைக்கு முப்பத்தைந்து பேரைவிட ஐந்து பேர் எளிது என்பதால் முதல் சுற்றுக்கு இது நல்லதும்கூட. ஆனால் ஆறு குழுக்களின் சத்தத்தில் குரல் பற்றிய வரிக்குப் பொருளில்லை. அதை எடுத்துவிட வேண்டும். ஆசிரியராலும் ஒரு குழுவோடுதான் உட்கார முடியும்.

எங்கே கெட்டுப்போகும்?

நண்பர்களே நண்பர்களுக்கு எழுதுவது முதல் சிக்கல். யார் யாருக்கு எழுதுவது என்பதை ஆசிரியர் பட்டியலாகப் போட்டுவிட வேண்டும். அ-வுக்கு ஆ எழுதினால் ஆ-வுக்கு அ எழுதக் கூடாது. இல்லையென்றால் ‘நீ எனக்கு நல்லா எழுது, நான் உனக்கு எழுதறேன்’ என்ற ஒப்பந்தம் இடைவேளையிலேயே முடிந்துவிடும். எழுதியவர் பெயர் தாளில் இருக்க வேண்டும். பெயரில்லாத தாளில் இந்த வயதுப் பிள்ளைகள் துணிந்து எழுதுவது பெரும்பாலும் கேலிதான். தாள்கள் ஆசிரியர் கை வழியாகப் போகட்டும். ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுநாள் கொடுத்தால் போதும்.

இரண்டாவது சிக்கல் படிவத்தின் வரிகளிலேயே ஒளிந்திருக்கும். ‘திக்காமல் பேசினார்’, ‘தூய தமிழில் பேசினார்’, ‘லகர ளகர ழகர உச்சரிப்பு’ ஆகியவை பல படிவங்களில் கிடக்கின்றன. திக்குவாய் உள்ள பிள்ளைக்கு அந்த முதல் வரி ஒவ்வொரு முறையும் மூன்று பேர் கையெழுத்தில் வரும் தண்டனை. வீட்டுத் தமிழில் பேசும் பிள்ளைக்கும், வேறு மொழி பேசும் வீட்டிலிருந்து வந்து தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கும் மற்ற இரண்டும் அப்படியே. உச்சரிப்பைத் திருத்த வேண்டியதுதான். அது ஆசிரியரின் வேலை, தனியாகச் செய்ய வேண்டியது. சக மாணவர் கையில் கொடுத்தால் அது பட்டப்பெயராகத் திரும்பி வரும். பேசியவர் அந்தக் கணத்தில் மாற்றிக்கொள்ள முடியாத எதையும் கேட்டவர் படிவம் கேட்கக் கூடாது.

மூன்றாவது, சக மாணவர் மதிப்பீட்டால் முடியாத ஒன்று உண்டு. சொன்ன தகவல் சரியா என்பதைக் கேட்டவர்கள் சொல்ல முடியாது. சிறுமி 30,000 லிட்டரை மூன்று லட்சம் என்று சொல்லியிருந்தால் மூன்று தாளிலும் மூன்று லட்சமே வந்திருக்கும், அதுவும் ‘நினைவில் நிற்பது’ என்ற மரியாதையோடு. தகவல் பிழையைப் பேச்சு முடிந்த உடனே, படிவம் எழுதுவதற்கு முன்னால், ஆசிரியர் வகுப்புக்கே திருத்திச் சொல்லிவிட வேண்டும்.

மதிப்பெண் எங்கே?

இந்தப் படிவங்களில் மதிப்பெண்ணுக்கு இடம் வைக்கவில்லை. இஸ்ரேலிய ஆய்வாளர் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தது. சிலருக்குக் கருத்து மட்டும் எழுதித் தரப்பட்டது, சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்கள் ஆர்வம் குறையாமல் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண்ணைப் பார்த்த கண் எழுத்துக்குப் போகவில்லை.

எஃப்.ஏ. (அ)-வுக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்பது ஆசிரியரின் நிர்ப்பந்தம். அதை அவர் தம் அளவுகோலில், தம் பதிவேட்டில் போடட்டும். பிள்ளைகளின் டிக்குகளைக் கூட்டிச் சராசரி எடுத்து அதில் சேர்த்தால் தொடக்கத்தில் பார்த்த முதல் கட்டத்து வரிசை உடனே திரும்பிவிடும். நண்பனின் மார்க்கைக் குறைக்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்காது. சுயமதிப்பீட்டுக்கும் இதுவே பொருந்தும். ‘தடுமாறிய இடம்’ என்பதை உண்மையாக எழுதினால் மார்க் போகும் என்று தெரிந்த பிள்ளை ‘எங்கும் தடுமாறவில்லை’ என்றுதான் எழுதும். மதிப்பெண் தர வேண்டுமென்றால், இரண்டாம் பேச்சில் ஆறாம் வரியின் மாற்றம் உண்மையில் நடந்ததா என்பதற்குத் தரலாம். அதை ஆசிரியரே கண்ணால் பார்த்துவிட முடியும்.

ஆறாம் வரி வேலை செய்ய இரண்டாவது பேச்சு இருந்தாக வேண்டும். பருவத்துக்கு ஒரு பேச்சு என்று வைத்தால், அடுத்த பேச்சு வருவதற்குள் எழுதிய தாள் எங்கே போனது என்றே தெரியாது. முதல் பேச்சை மூன்று நிமிடமும், ஒரு வாரம் கழித்து அதே தலைப்பில் திருத்திய பேச்சை ஒன்றரை நிமிடமும் வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். புதிய தலைப்பு கொடுத்தால் பிள்ளையின் உழைப்பு தகவல் தேடுவதிலேயே போய்விடும். பழைய தலைப்பில் பேசும் முறையை மட்டும் மாற்றிப் பார்க்க முடியும்.

படிவம் உருப்படியாக நடக்கிறதா என்பதை ஆசிரியர் மூன்று இடங்களில் பார்த்துச் சொல்லிவிடலாம். பேசியவரின் முதல் வரியும் கேட்டவர்களின் முதல் வரியும் பேச்சுக்குப் பேச்சு நெருங்கி வருகின்றனவா? இரண்டாம் வரியில் ‘எதுவுமில்லை’ என்ற விடை குறைகிறதா? ஐந்தாம் வரிக் கேள்விகள் ‘ஏன் இந்தத் தலைப்பு?’ என்ற பொதுக் கேள்வியிலிருந்து ‘காய்ச்சாமல் குடிக்கலாமா?’ போன்ற கேள்விகளுக்கு நகர்கின்றனவா? மூன்றாவது சுற்றிலும் ஒரு வரிக்கு எல்லோரும் ஒரே விடையை எழுதுகிறார்கள் என்றால் அந்த வரி பயன்படவில்லை; அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் ஒரு சின்ன வேலை உண்டு. பிள்ளை அந்த மூன்று தாள்களோடு வரும்போது “எவ்வளவு மார்க்?” என்று கேட்காமல், “அடுத்த தடவை எதை மாத்தப் போற?” என்று கேட்டுவிட்டு, மூன்று நிமிடம் கூடத்தில் நிற்கவைத்துப் பேசச் சொல்லலாம். சமையலறையில் நின்றுகொண்டு கேட்டால் இன்னும் நல்லது. அங்கே வரை வாக்கியத்தின் முடிவு கேட்கிறதா என்பதை அம்மாவோ பாட்டியோ சொல்லிவிடுவார்கள்.